டாபிக் 'வீட்டுப்பாடம்', அவ்ளோதான். இதுல இருந்து தீசிஸ் எப்படி எடுக்கிறது?

அரைப்பக்கம்

வணக்கம் மக்களே. பள்ளிக்கல்வி பத்தி 1200 வார்த்தையில ஒரு வாதக் கட்டுரை எழுதணும். எனக்கு வந்த டாபிக் 'வீட்டுப்பாடம்', ஒரே வார்த்தை, மேல கீழ எதுவும் இல்ல. ரெண்டு நாள் உக்காந்து முதல் பத்தி எழுதி மேம்கிட்ட காட்டினேன், அதுல தீசிஸ் இது:

"இன்றைய காலகட்டத்தில் மாணவர்களின் வாழ்வில் வீட்டுப்பாடம் முக்கியப் பங்கு வகிக்கிறது."

பக்கத்துல சிவப்பு மையில ஒரே வரி: "இதுக்கு யார் சண்டைக்கு வருவா?"

சரின்னு மாத்தினேன். "வீட்டுப்பாடத்தில் நன்மைகளும் உள்ளன, தீமைகளும் உள்ளன." இதுக்கு வரி கூட இல்ல, ஒரு கேள்விக்குறி மட்டும். கடுப்புல மூணாவதா "வீட்டுப்பாடத்தை முற்றிலும் ஒழிக்க வேண்டும்"னு எழுதிட்டுப் போனேன், இதுக்காவது சண்டைக்கு வருவாங்கல்ல? அதுக்கு "ஒண்ணாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் சேர்த்தா?"ன்னு கேட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. இப்ப எனக்கு ஒண்ணுமே ஓடல. பொதுவா சொன்னா யாரும் சண்டைக்கு வரல, சண்டைக்கு இழுத்தா பெருசா இருக்குங்கறாங்க. நடுவுல எங்கதான் நிக்கிறது?

நேர்கோடு

ரொம்ப யோசிக்காதீங்க, இதுக்கு ஃபார்முலா இருக்கு. உங்க நிலைப்பாடு + மூணு காரணம். "வீட்டுப்பாடம் தூக்கத்தைக் கெடுக்கிறது, விளையாட்டு நேரத்தைப் பறிக்கிறது, மன அழுத்தம் தருகிறது, எனவே அதை ஒழிக்க வேண்டும்." மூணு காரணத்துக்கு மூணு பத்தி, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, அஞ்சு பத்தியில வேலை முடிஞ்சுது. நான் பள்ளியில இருந்து இப்படித்தான் எழுதுறேன், ஒருதடவை கூட ஃபெயில் ஆனதில்ல.

மைக்டெஸ்ட்

டிபேட் கிளப்ல நாங்க இதையே தீர்மானமா வெச்சிருக்கோம்: "இந்த அவை வீட்டுப்பாடத்தைத் தடை செய்யும்." சுண்டிப்போட்டு எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் பேசுவோம். ரெண்டு பக்கமும் பேச முடியுதுன்னா அது விவாதத்துக்குரியதுதானே, உங்க மூணாவது தீசிஸ்ல என்ன தப்புன்னு எனக்குப் புரியல. சின்னதா ஆக்கினா பேச மேட்டர் கம்மியாயிடும், 1200 வார்த்தைக்கு எங்க போவீங்க?

ரெட்டைவால்_அம்மா

இந்த வீட்டுப்பாடத்தை யாராவது கேட்டாத்தான் உண்டு. என் பெரியவன் 7-ஆவது படிக்கிறான். நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு கணக்கா சொல்லிக்குடுத்தா 10-க்கு 9 வருது, போன மாசம் எனக்கு ஆபீஸ்ல ராத்திரி வேலை, ஒரு வாரம் அவனா செஞ்சான், 5. அதே பையன் அதே புஸ்தகம். அதுக்கு முந்தி சூரியக் குடும்பம் மாடல் ஒண்ணு கேட்டாங்க, தெர்மோகோல் வெட்டினது நான், பெயின்ட் அடிச்சது நான், சனிக்கு வளையம் ஒட்டி கையைச் சுட்டுக்கிட்டதும் நான், 10-க்கு 10 வாங்கினதும் நான்தான்னு வெச்சுக்கோங்க, ஆனா ரிப்போர்ட்ல பேர் அவனோடது. இந்த மார்க்கெல்லாம் வருஷக் கடைசி மார்க்குல வேற சேருது. பள்ளியில போய் இதைப் பத்தி எப்படிப் பேசறதுன்னு யாராவது சொல்லுங்களேன். சண்டை போட்டா பையன் மேல காட்டுவாங்களோன்னு பயமா இருக்கு.

நேர்கோடு

அம்மா, இது கட்டுரை எழுதறதைப் பத்தின இழை. தனியா ஒண்ணு ஆரம்பிங்க.

பழைய_சாக்பீஸ்

நேர்கோடு தம்பி, அவங்களை விரட்டாதீங்க. இந்த இழையில உருப்படியான மேட்டர் கொண்டுவந்தது அந்த அம்மாதான், எப்படின்னு கடைசியில சொல்றேன்.

பல வருஷமா கட்டுரை திருத்தற ஆள் நான். அரைப்பக்கம், உங்க மூணு வரியையும் வரிசையா எடுத்துக்குவோம். முதல் வரியைக் கவுத்துப் பாருங்க: "மாணவர்களின் வாழ்வில் வீட்டுப்பாடத்துக்கு எந்தப் பங்கும் இல்லை." இதைச் சொல்ற ஆள் உலகத்துல யாராவது இருக்காங்களா? இல்ல. கவுத்துப் போட்டா ஆள் இல்லாத வாக்கியம் தீசிஸ் இல்ல, தகவல். ரெண்டாவதைக் கவுத்தா "நன்மையே இல்லை, அல்லது தீமையே இல்லை"ன்னு வரும், அதுக்கும் ஆள் கிடையாது. மூணாவது தேறுது, கவுத்தா "ஒழிக்கக் கூடாது", அதுக்கு ஆயிரம் பேர் வருவாங்க. மைக்டெஸ்ட் சொல்றது அந்த அளவுக்கு சரி.

ஆனா அந்த ஆயிரம் பேர்ல ஒருத்தர் ஒண்ணாம் வகுப்பு டீச்சர், ஒருத்தர் பன்னிரண்டாவது கணக்கு வாத்தியார். முதல் ஆள் 6 வயசுக் குழந்தை அ, ஆ எழுதிப் பழகறதைப் பத்திப் பேசுவார், அடுத்தவர் பரீட்சைக்கு 200 கணக்கு போட்டுப் பாக்கறதைப் பத்தி. ஒருத்தருக்கு நீங்க சொல்ற பதில் இன்னொருத்தருக்குப் பொருந்தாது. 1200 வார்த்தையில ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி பதில் சொல்லி ரெண்டு பேர்கிட்டயும் தோத்துடுவீங்க. மேடையில அஞ்சு நிமிஷம் பேசறப்ப இது வெளிய தெரியாது, எதிர்ல இருக்கறவர் விட்டுட்டா போச்சு. பேப்பர்ல தெரியும், படிக்கறவர் நிறுத்தி நிறுத்திப் படிப்பார். அதோட தீர்மானம் உங்களுக்கு யாரோ குடுக்கறது, காரணமே இருக்காது அதுல. தீசிஸ்ல 'ஏன்'ங்கறது உள்ளயே உக்காந்திருக்கணும்.

நேர்கோடு சொன்ன ஃபார்முலாவுல காரணம் இருக்கு, அதுவரைக்கும் நல்லது. ஆனா அந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மூணு மூட்டை. தூக்கம் போகுதுன்னா அளவைக் குறைச்சா போதும், எதுக்கு ஒழிக்கணும்? காரணம் சொல்றது ஒண்ணு, முடிவு கேக்கறது இன்னொண்ணு. இந்த இடைவெளிக்குத்தான் நாங்க மார்க் வெட்டுவோம்.

இப்ப அந்த அம்மாகிட்ட வாங்க. அவங்க வீட்டுப்பாடமே வேண்டாம்னு சொல்லல, திரும்பப் படிச்சுப் பாருங்க. அந்த மார்க் யாரோடதுன்னு கேக்கறாங்க. உங்க ஒத்தை வார்த்தை டாபிக்குள்ள குறைஞ்சது நாலு தனித்தனி சண்டை இருக்கு: குடுக்கலாமா வேண்டாமா, எவ்வளவு குடுக்கறது, எந்த மாதிரி குடுக்கறது, அதுக்கு மார்க் போட்டு இறுதி மதிப்பெண்ல சேக்கலாமா. நாலாவது சண்டையைப் பிடிங்க, அதுல நல்லது ரெண்டு மோதுது. மார்க் நியாயமா இருக்கணும், இது ஒரு நல்லது. பசங்க தினம் பயிற்சி பண்ணணும், மார்க் இருந்தாத்தான் பண்ணுவாங்க, இது இன்னொரு நல்லது. ரெண்டு பக்கமும் விவரமான ஆளுங்க நிக்கிற இடம்தான் கட்டுரைக்கு லாயக்கு. எதிர்ல நிக்கிறவன் மடையனா இருந்தாத்தான் நீங்க ஜெயிக்க முடியும்னா அந்தத் தலைப்பை விட்டுடுங்க.

அரைப்பக்கம்

ஐயா ரொம்ப நன்றி!! இப்பதான் கொஞ்சம் வெளிச்சம் தெரியுது. முயற்சி பண்ணினேன்:

"வீட்டுப்பாடத்திற்கு மதிப்பெண் வழங்கப்படுவது தவிர்க்கப்பட வேண்டும், ஏனெனில் அது நியாயமற்றது."

பழைய_சாக்பீஸ்

ம்ம். பாதி தூரம் வந்துட்டீங்க. மூணு எடத்துல இடிக்குது.

"வழங்கப்படுவது தவிர்க்கப்பட வேண்டும்". யார் தவிர்க்கணும்? டீச்சரா, பள்ளியா, அரசாங்கமா? எழுத்துத் தமிழ்ல இந்த 'படு' போட்டுட்டா கம்பீரமா இருக்கற மாதிரி தெரியும், ஆனா செய்யறவனை ஒளிச்சு வெச்சுடும். ஆளே இல்லாத வேலையை யாரும் மறுக்கவும் முடியாது, ஒத்துக்கவும் முடியாது. ஆளைக் கொண்டாந்து முன்னாடி நிறுத்துங்க.

அடுத்தது "நியாயமற்றது". இது காரணம் இல்ல, தீர்ப்பு. எதனால நியாயமில்லன்னு அந்த அம்மா ரெண்டே எண்ணுல சொல்லிட்டாங்க, 9, 5. பையன் மாறல, பக்கத்துல இருந்த ஆள் மாறினாங்க. அதை ஒரு வாக்கியமா எழுதுங்க.

மூணாவது, எந்த வகுப்பு?

டேட்டாக்காரன்

லேட்டா வந்துட்டேன், ஆனா யாரும் ஆதாரமே பேசலயே. டியூக் பல்கலைக்கழகத்துல ஹாரிஸ் கூப்பர்னு ஒருத்தர், 2006-ல அவரும் கூட ரெண்டு பேரும் சேர்ந்து, 1987-ல இருந்து 2003 வரைக்கும் அமெரிக்காவுல நடந்த வீட்டுப்பாட ஆராய்ச்சிகளைத் திரட்டி அலசினாங்க. வீட்டுப்பாடம் செய்யறதுக்கும் படிப்புல தேர்றதுக்கும் உள்ள தொடர்பு 7-ஆவதுல இருந்து 12 வரைக்கும் வலுவா இருக்கு, அதுக்குக் கீழ உள்ள வகுப்புகள்ல அவ்வளவு இல்ல. இதை அப்படியே தூக்கி தீசிஸ்ல போடுங்க: "ஆரம்பப் பள்ளியில் வீட்டுப்பாடம் பயனற்றது, ஆகவே மதிப்பெண் தரக்கூடாது." ஆதாரத்தோட இருக்கு, ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது.

மைக்டெஸ்ட்

வாயத் தொறக்க முடியாதுன்னா அது விவாதத்துக்குரியது இல்லன்னுதானே ஐயா இப்ப சொன்னாரு 😄

பழைய_சாக்பீஸ்

மைக்டெஸ்ட் நல்லா பிடிச்சீங்க. டேட்டாக்காரரே, ஆய்வு சரியான ஆய்வுதான், உக்கார வெச்ச இடம்தான் தப்பு. கூப்பர் குழு பாத்தது வீட்டுப்பாடம் செஞ்சா படிப்பு ஏறுதாங்கறதை. நம்ம சண்டை அந்த வீட்டுப்பாடத்துக்குப் போடற மார்க்கை இறுதி மதிப்பெண்ல சேக்கறதைப் பத்தி. 'பயன் கம்மி'ன்னு நிரூபிச்சா 'குடுக்காதே'ன்னு முடிக்கலாம், 'குடு, ஆனா மார்க்கைச் சேக்காதே'ன்னு முடிக்க முடியாது. அதோட தொடர்பு இருக்குன்னா அதுதான் காரணம்னு ஆகாது, நல்லாப் படிக்கற பசங்களே ஒழுங்கா வீட்டுப்பாடம் செய்யறவங்களாவும் இருக்கலாமே.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? அரைப்பக்கம் 7, 8-ஆவது வகுப்பை எடுத்தா இந்த ஆய்வு எதிராளி கைக்குப் போயிடும். "அந்த வயசுல வீட்டுப்பாடத்தால பலன் இருக்குங்கறீங்க, மார்க்கை எடுத்துட்டா செய்யறதை விட்டுடுவாங்க, பலனும் போயிடும்"னு சொல்லுவார். வலுவான மறுப்பு. அதனால இதைக் கட்டுரையில வெக்க வேண்டிய இடம் எதிராளி பேசற பத்தி. அங்க ஒத்துக்கிட்டு, அப்புறம் பதில் சொல்லணும். பதில் இல்லன்னா தீசிஸை மாத்தணும். இதெல்லாம் எழுதறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா நல்லது, ஏழாவது பத்தியில வந்து தெரிஞ்சா அழுகைதான் வரும்.

அரைப்பக்கம்

அப்ப ஆரம்பப் பள்ளியை எடுத்தா எனக்கு சுலபம்ல?

பழைய_சாக்பீஸ்

சுலபம்தான், அதனாலயே வேண்டாங்கறேன். ரெண்டாவது படிக்கற குழந்தைக்கு வீட்டுப்பாட மார்க்கைச் சேக்காதேன்னா எதிர்த்துப் பேச பெருசா யாரும் வரமாட்டாங்க. திரும்பவும் சிவப்பு மை கேள்விதான். 6-ல இருந்து 8 வரைக்கும் எடுங்க, அங்கதான் ரெண்டு பக்கமும் சமமா கனம் இருக்கு.

அரைப்பக்கம்

ஓகே. மத்தியானம் முழுக்க இதுலயே போச்சு, அடுத்த வடிவம்:

"6 முதல் 8 வரையிலான வகுப்புகளில், வீட்டில் கிடைக்கும் உதவியையே வீட்டுப்பாட மதிப்பெண் அளப்பதாலும், வகுப்பில் நடத்தப்படும் சிறு தேர்வே மாணவர்களைப் பயிற்சி செய்ய வைக்கப் போதுமானது என்பதாலும், பள்ளிகள் வீட்டுப்பாட மதிப்பெண்ணை இறுதி மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது."

சின்னத் தேர்வு ஐடியா என்னோடது. வீட்டுப்பாடம் குடுத்த அதே மாதிரி 2 கேள்வி, வாரக் கடைசியில வகுப்புலயே 10 நிமிஷம். வீட்டுல போட்டுப் பாத்தவன் எழுதிடுவான், அம்மா போட்டுக் குடுத்தா எழுத முடியாது. இதுதான் எதிராளிக்கு என் பதில்.

ரெட்டைவால்_அம்மா

ஐயோ இந்த 10 நிமிஷத் தேர்வை அந்தப் பள்ளியில சொன்னா எவ்ளோ நல்லா இருக்கும். இதை அப்படியே எழுதி எடுத்துட்டுப் போகட்டுமா?

நேர்கோடு

நல்லா வந்திருக்கு, ஆனா ஒரே வாக்கியத்துல மூச்சு முட்டுது. 'சேர்க்கக் கூடாது'ன்னு தெரியறதுக்குள்ள நான் முதல் பாதியை மறந்துட்டேன்.

பழைய_சாக்பீஸ்

நேர்கோடு சொல்றது நூத்துக்கு நூறு. தமிழ்ல வினைமுற்று கடைசியில வரும், காரணத்தை எல்லாம் முன்னாடி அடுக்கிட்டா நம்ம முடிவு ரயிலோட கடைசிப் பெட்டியில தொங்கும். தீசிஸ் ஒரே வாக்கியமா இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. முடிவைச் சின்ன வாக்கியமா முதல்ல வைங்க, காரணத்தை அடுத்ததுல. அந்தத் தேர்வு யோசனை அருமை, அதுக்கு மூணாவதா ஒரு வாக்கியம் குடுத்தாலும் தப்பில்ல.

அப்புறம் அந்த 'உதவியையே'. அந்த ஏகாரத்தைக் கவனிங்க. வீட்டு உதவியை மட்டும்தான் அளக்குதுன்னு அர்த்தம் ஆகுது. தானா உக்காந்து போட்டு 9 வாங்கற ஒரே ஒரு பையனைக் காட்டினா உங்க தீசிஸ் செத்துது. அதுக்காக "சில மாணவர்களுக்குச் சில நேரங்களில் ஓரளவு"ன்னு பின்வாங்கிடாதீங்க, அப்படி வாங்கினா திரும்ப முதல் வரிக்கே போயிடுவீங்க, யாரும் மறுக்காத வரி. உங்களுக்குத் தேவையானது எவ்வளவு? அந்த மார்க்கைப் பாத்து, இது பையனுக்குத் தெரிஞ்சதா வீட்டுல சொன்னதான்னு டீச்சரால பிரிக்க முடியாது. அவ்ளோதான். அதை மட்டும் சொல்லுங்க, அதுக்கே முடிவு நிக்கும்.

மைக்டெஸ்ட்

நான் எதிர்க்கட்சியா நிக்கட்டுமா? இதான் என் அடி: மார்க் வெறும் அறிவை மட்டும் அளக்கணும்னு யார் சொன்னது? தினமும் உக்காந்து முடிச்சு, சொன்ன நாள்ல கொண்டுவந்து குடுக்கறதும் பள்ளி கத்துத்தர்ற விஷயம்தான். அதுக்கு மார்க் குடுத்தா என்ன குறைஞ்சுது? அம்மா உதவியோ ஐயா உதவியோ, பையன் முடிச்சுட்டு வந்தானா இல்லையா?

பழைய_சாக்பீஸ்

பலே. இந்த இழையில விழுந்த நல்ல அடி இதுதான். அரைப்பக்கத்தோட தீசிஸுக்கு அடியில சொல்லாம ஒளிஞ்சிருக்கற ஒரு நம்பிக்கை இருக்கு: இறுதி மதிப்பெண் மாணவனுக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் காட்டணும். காரணத்தையும் முடிவையும் கட்டி வெக்கற கயிறு அது. ஸ்டீபன் டூல்மின்னு ஒரு தத்துவவாதி 1958-லயே இந்தக் கயிறைத் தனியாப் பிரிச்சுக் காட்டினார். மைக்டெஸ்ட் காரணம், முடிவு ரெண்டையும் தொடாம நேரா கயிறை அறுக்கறார் பாருங்க.

இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல, உண்மையைச் சொல்றேன். ஒழுங்குக்குத் தனியா ஒரு குறியீடு குடுக்கலாம், பாட மார்க்கோட கலக்க வேண்டாம்னு ஒரு பக்கம் சொல்லலாம். ஆனா எங்க ஸ்டாஃப் ரூம்லயே உழைப்புக்கு மார்க் வேணும்னு சொல்றவங்க பாதிப் பேர், நல்ல டீச்சர்கள் அவங்க. அரைப்பக்கம், இந்தக் கயிறை உங்க ரெண்டாவது பத்தியில வெளிப்படையா எழுதிடுங்க, "மதிப்பெண் என்பது தெரிந்ததன் அளவு என்று எடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன், காரணம் இது"ன்னு. ஒளிச்சு வெச்சா அவர் அறுப்பார், நீங்களே காட்டினா அவர் வாதாடணும்.

டேட்டாக்காரன்

நான் இன்னும் ஒத்துக்கல, எண் இல்லாத தீசிஸ் பலவீனம்தான்னு என் கருத்து. ஆனா கூப்பரை எதிராளி பத்திக்கு மாத்தறது சரின்னு படுது.

அரைப்பக்கம்

கடைசி வடிவம். இன்னிக்கு காட்டிட்டேன்:

"6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பள்ளிகள் வீட்டுப்பாட மதிப்பெண்ணை இறுதி மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது. மாணவருக்குத் தெரிந்தது எது, வீட்டில் பெரும்பாலும் சொல்லித் தரப்பட்டது எது என்று அந்த மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியரால் பிரிக்க முடியாது. மதிப்பெண் இல்லாவிட்டால் மாணவர்கள் பயிற்சியை விட்டுவிடுவார்கள் என்ற கவலைக்கு, அதே பாடத்தில் வாரம் ஒருமுறை வகுப்பில் வைக்கும் சிறு தேர்வு பதிலாகும்."

மேம் ஒருதடவை படிச்சாங்க, அப்புறம் பேனாவை வெச்சுட்டு "அந்தத் தேர்வுக்குப் பயந்து ட்யூஷன் போவாங்களே, அப்ப?"ன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். "அதையும் எழுதிட்டு வா"ன்னுட்டாங்க. ஆனா 'பெரும்பாலும்'ங்கற வார்த்தையை மட்டும் வட்டம் போட்டு 'எவ்வளவு?'ன்னு எழுதியிருக்காங்க.

பழைய_சாக்பீஸ்

அந்தப் 'பெரும்பாலும்' அங்க இருக்க வேண்டியதே இல்ல, எடுத்துடுங்க, வாக்கியம் தானா நிக்கும். ட்யூஷன் கேள்வி நல்ல கேள்வி. ட்யூஷன் போனாலும் தேர்வு எழுதறது பையன் கைதான், அது அவனுக்குத் தெரிஞ்ச கணக்குல வந்துடும்னு ஆரம்பிச்சுப் பாருங்க. எங்க இடிக்குதுன்னு எழுதும்போது தெரியும்.

ரெட்டைவால்_அம்மா

மூணு வாக்கியத்தையும் காப்பி பண்ணிக்கிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். முதல் வாக்கியத்தைச் சொல்லாம மூணாவதுல இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், அதுதானே அவங்களுக்குக் கேக்க நல்லா இருக்கும்?

மைக்டெஸ்ட்

அம்மா, பேசறதுக்கு அதான் சரி. கட்டுரைக்குத்தான் முதல் வாக்கியம் முதல்ல வரணும்.